கோழித் தோலில் மஞ்சள்: மக்காச்சோளக் கூண்டும் குருணைக் கூண்டும்

தீனியை மாற்றிப் பார்க்கும் முன் கால்களைப் பார்த்துக் கோழிகளைப் பிரித்தாக வேண்டும். கால் வெள்ளையாக உள்ள இனத்தின் தோலில் மஞ்சள் நிறமியை உடைத்துவிடும் ஒரு மரபணு வேலை செய்கிறது; எதைத் தின்றாலும் அந்தத் தோல் மஞ்சளாகாது. மஞ்சள் கால் கோழிகளில் அந்த மரபணு தோலில் மட்டும் வேலை செய்யாமல் அடங்கிக் கிடக்கும். இந்தக் குணம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே கோழிதான்.

ஒரே ஈட்டில் பொரித்த, 5 வார வயதான மஞ்சள் கால் கோழிகள் 12, கூண்டுக்கு 6. முதல் கூண்டின் தீனியில் 55 சதவீதம் மஞ்சள் மக்காச்சோளம். இரண்டாவதில் அதே அளவு அரிசிக் குருணை. பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு இரண்டிலும் ஒன்றே, கீரை கிடையாது. கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 20 மி.கி. மஞ்சள் நிறமி உண்டு என்று வைத்தால், முதல் தீனியில் கிலோவுக்கு 11 மி.கி. சேரும். குருணையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாள்பட்ட மக்காச்சோளத்தில் நிறமி குறைந்துவிடும் என்பதால் புதுச் சரக்கே போடப்பட்டது.

முதல் வாரம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் குருணைக் கூண்டின் கால்கள் வெளிறியது பார்த்தவுடனே தெரிந்தது. நிறமியைக் கோழி தானாக உண்டாக்காது. வரத்து நின்றால், வளர்கிற உடம்பில் பழைய நிறம் பரந்து மங்கிவிடும்.

அறுத்தபோது ஒரு தவறு நேர்ந்தது. முதல் கோழியை முக்கிய வெந்நீர் 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. இறகோடு மெல்லிய மேல்தோலும் உரிந்து, மக்காச்சோளக் கோழியே வெள்ளையாகத் தெரிந்தது. மஞ்சளில் பெரும்பங்கு அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. அடுத்ததை 52 டிகிரியில் 2 நிமிடம் முக்கியதும் நிறம் நின்றது. இறகு பிடுங்கத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

ஆகவே தோலை விட இரைப்பையைச் சுற்றிய கொழுப்பே நம்பகமான சாட்சி. மக்காச்சோளக் கோழிகளில் அது மஞ்சள். குருணைக் கோழிகளில் தந்த நிறம். கறிக்கடையிலும் இதையே பார்க்கலாம். வாட்டி மஞ்சள்தூள் தடவிய தோல் எதையும் சொல்லாது, உள்கொழுப்பில் தூள் ஏறாது. ஆனால் மஞ்சள் கொழுப்பு என்றால் மேய்ந்த கோழி என்றும் பொருளில்லை. கீரையும் புல்லும் தின்றாலும் மஞ்சள் வரும், கூண்டுத் தீனியில் செண்டுமல்லிப் பூவின் சாறு கலந்தாலும் வரும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி மக்காச்சோளமே தின்றிருந்தாலும் கால் வெளிறியிருக்கும். நிறமியெல்லாம் மஞ்சள் கருவுக்குப் போயிருக்கும்.

மக்காச்சோளக் கூண்டில் ஒன்று மட்டும் கடைசிவரை வெளிறியே இருந்தது. இரண்டாம் வாரத்தில் அதற்கு ரத்தக்கழிச்சல் வந்திருந்தது. குடல் புண்ணானால் கொழுப்போடு சேர்ந்து உள்ளேறும் இந்த நிறமி உடம்பில் ஒட்டாது. அதே தீனித்தொட்டியில் தின்ற மற்ற ஐந்தின் கால்களும் நல்ல மஞ்சள்.