ஜூலை–செப்டம்பர் இன்சென்டிவ்: கணக்கு வந்த வழி

நம்ம டீம் தம்பிகளுக்கு,

ஷீட் கைக்கு வந்ததும் பலரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, பில் போட்டதுக்கும் வந்த தொகைக்கும் சம்பந்தமே இல்லையே?" பொள்ளாச்சி லைன் கணக்கையே எடுத்துச் சொல்கிறேன்.

டார்கெட் 30 லட்சம். பில் தொகை 35.40 லட்சம். அதில் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் சரியாக 30 லட்சம். இதுவரை தகராறு இல்லை.

இடித்தது சேல்ஸ் ரிட்டர்ன். ஆகஸ்டில் டீலர் குடோனில் இறக்கிய மோனோபிளாக் மோட்டார்கள், மழை பிடித்ததும் நகராமல் செப்டம்பரில் திரும்பி வந்தன. கிரெடிட் நோட் வரி போக 1.80 லட்சம். நிகர விற்பனை 28.20 லட்சம், அதாவது 94 சதவீதம். 100ஐத் தொட்டால் 1 சதவீதம், 90க்கு மேல் என்றால் அரை சதவீதம் என்பது நம்ம ஸ்லாப். அந்த 1.80 லட்சம்தான் ஸ்லாபையே பாதியாக்கியது. டார்கெட்டுக்காக டீலர் தலையில் சரக்கைக் கட்டினால் இப்படித்தான் ஆகும். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது வசூல். பில் தேதியிலிருந்து 45 நாளுக்குள் வந்த பணத்துக்கு மட்டுமே இப்போது இன்சென்டிவ். செப்டம்பர் 30 பில்லுக்கு நவம்பர் 14 வரை காத்திருந்ததால்தான் இத்தனை தாமதம். பின்தேதி செக்குக்கு, கையில் வாங்கிய நாள் கணக்கில்லை. பாஸ் ஆன நாள்தான் கணக்கு.

அக்கவுண்ட்ஸ் தந்த முதல் ஷீட்டில் இந்த லைனுக்கு வராத பாக்கி 5.80 லட்சம் என்றிருந்தது. டீலரோ பணம் அனுப்பிய ரசீதையே காட்டுகிறார். லெட்ஜரை வரிவரியாகப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. 1,88,800 ரூபாய் வங்கிக்கு வந்திருக்கிறது. ஆனால் டாலியில் அதை எந்தப் பில்லோடும் சேர்க்காமல் On Account என்று போட்டுவிட்டார்கள். பணம் வந்தும் பில் பாக்கியாகவே நிற்கும். கேட்டால், "லெட்ஜர் பேலன்ஸ் சரியாத்தானே இருக்கு" என்று பதில். பேலன்ஸ் சரிதான், பில்லுக்கு வயது ஏறுகிறதே! விடாமல் நின்று Agst Ref போட்டு மாற்ற வைத்தோம். வரி நீக்கி 1.60 லட்சம் வசூலில் சேர்ந்தது. பாக்கி 4.20 லட்சமாக இறங்கியது.

28.20இல் 4.20 போக 24 லட்சம். அதற்கு அரை சதவீதம் 12,000 ரூபாய். மீதி 4.20 லட்சம் பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் வந்தால், அதே விகிதத்தில் இன்னும் 2,100 அடுத்த காலாண்டில் சேரும்.

இனிமேல் டீலர் பணம் அனுப்பிய அன்றே எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று கேட்டு, பில் நம்பரோடு அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போட்டுவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது நிற்காது.

உங்கள் லைனில் On Account என்று ஏதாவது தொங்கினால், வெள்ளிக்கிழமைக்குள் பில் நம்பர், வங்கி யுடிஆர் நம்பர் இரண்டையும் அனுப்புங்கள். தொகை இந்த மாதச் சம்பளத்தோடு, வரிப்பிடித்தம் போக வரும்.

அன்புடன்,
விற்பனை மேலாளர், கோவை