நேர்காணல் முடிந்த பிறகு பேனல் உட்காரும் அந்த முக்கால் மணி நேரம்

சென்னையில் பணப் பரிவர்த்தனை மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைப் பார்க்கும் புரொடக்ஷன் சப்போர்ட்டுக்கு ஒரு சீனியர் இன்ஜினியர் தேவைப்பட்டார். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதுரைக்காரர், இன்னொருவர் சேலத்துப் பெண். பேனலில் நான்கு பேர்: டெலிவரி மேனேஜர், சீனியர் டெவலப்பர், டெஸ்டிங்கில் மூன்று வருட அனுபவமுள்ள ஒரு பெண், பிறகு வருகிறவரைத் தன் டீமில் வைத்துக்கொள்ளப்போகும் சப்போர்ட் லீட். மேனேஜர் நல்ல அனுபவசாலி. ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் அறையில் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை அவரவர் பார்த்தது அவரவர் வாயாலேயே வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன்.

பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நேர்காணல் முடிந்து ஆட்கள் டீ குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் முடிவே ஆகிவிடுகிறது. "பையன் சூப்பர்ல?" என்று ஒருவர் கேட்டால் போதும், மற்றவர்கள் மனதில் போட்டிருந்த மார்க் நகர்ந்துவிடும். அதனால் அறையை விட்டு எழுந்திருக்கும் முன் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தன்னுடையதைக் கொடுக்காதவருக்கு மற்றவர்களுடையது தெரியாது.

படிவத்தில் நான்கு வரிகள்தான்: சிஸ்டம் தன் செயல்களை வரிவரியாகப் பதிந்துவைக்கும் லாக்கைப் படித்துக் கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிப்பது, தீர்வை வடிவமைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, குழுவோடு சேர்ந்து வேலை செய்வது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். ஐந்து வரை வைத்தால் முடிவு சொல்ல விரும்பாதவர்கள் எல்லோரும் 3-இல் போய் உட்கார்ந்துகொள்வார்கள்; அதனால்தான் நான்கு. 2 என்றால் எப்படி இருக்கும், 4 என்றால் எப்படி இருக்கும் என்பதை நேர்காணலுக்கு முன்பே எழுதி வைத்திருந்தோம். லாக் வரியில் 4 என்றால், "யாரும் எடுத்துக் கொடுக்காமல் லாக்கில் உள்ள ஆதாரத்தைக் காட்டிக் காரணம் சொல்கிறார், வேறு காரணம் இருக்க முடியுமா என்றும் பார்க்கிறார்." மார்க்குக்குப் பக்கத்தில், அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். அது இல்லாத மார்க்கைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை கூட்டம். எல்லா மார்க்கையும் ஒரே நேரத்தில் திரையில் போட்டேன். யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு ஆளை முழுதாகப் பேசிவிட்டு அடுத்தவருக்குப் போகவும் இல்லை. ஒரு வரியை எடுத்து, அதில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனோம். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு வரியில் கிடைத்த நல்ல பெயர் மற்ற மூன்று வரிகளையும் தூக்கிவிடும். இரண்டு மார்க் வித்தியாசம் வந்த இடங்களுக்குத்தான் நேரம் கொடுத்தோம். குழுவோடு வேலை செய்யும் வரியில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதை ஒரு நிமிடத்தில் தாண்டினோம்.

லாக் வரியில்தான் மோதல். நாங்கள் கொடுத்த கேள்வி இது: வங்கியிடமிருந்து பதில் வரத் தாமதமானதும் எங்கள் சிஸ்டம் மறுபடி கோரிக்கை அனுப்புகிறது, வாடிக்கையாளர் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போய்விடுகிறது, ஏன்? மதுரைக்காரருக்கு மேனேஜர் 4, டெவலப்பர் 2. சேலத்துப் பெண்ணுக்கு மேனேஜர் 2, டெஸ்டர் 4. மற்றவர்கள் இருவருக்குமே 3 போட்டிருந்தார்கள். சராசரி எடுத்தால் இரண்டு பேருக்கும் 3 வந்து, இந்த வரி பேச்சே இல்லாமல் போயிருக்கும். சராசரியை நான் திரையில் காட்டாததற்குக் காரணமே அதுதான்.

அனுபவத்தில் இளையவர் முதலில், முடிவெடுக்கும் சப்போர்ட் லீட் கடைசியில் என்று பேச்சு வரிசை வைத்திருந்தோம். டெஸ்டர் தன் குறிப்பை வாசித்தார்: "நாலு நிமிஷம் ஒண்ணுமே பேசல சார். ஆனா ஸ்க்ரீன்ல லாக்கோட ரெண்டு வரியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தாங்க. அப்புறம், 'ரெண்டாவது கோரிக்கைக்குப் புது ரெஃபரன்ஸ் நம்பர் போயிருக்கே, அப்போ வங்கிக்கு இது வேற பரிவர்த்தனைதானே'ன்னு கேட்டாங்க." காரணமே அதுதான். பழைய எண்ணையே மறுபடி அனுப்பியிருந்தால் வங்கி அதே கோரிக்கை என்று அடையாளம் கண்டு இரண்டாவது முறை பணம் எடுத்திருக்காது. மேனேஜர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தத் திரை தெரியாது. அவருக்குத் தெரிந்தது மௌனம் மட்டும்தான். அவர் படிவத்தில் இருந்த குறிப்பு, "தயங்குகிறார், வேகம் போதாது."

அடுத்து டெவலப்பர். மதுரைக்காரர் சரளமாகப் பேசினார், சரியான விடைக்கும் வந்தார். ஆனால் "லாக்கில் இரண்டாவது வரியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்" என்று எடுத்துக் கொடுத்தது தான்தான் என்றார். அந்த ஒரு தகவல் அவரிடம் மட்டுமே இருந்தது. 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதனை செய்து காட்டியது இதைத்தான்: குழுவாக உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கு வராமலே போகிறது. சரளமான பேச்சு நான்கு பேர் காதிலும் விழுந்திருந்தது. எடுத்துக் கொடுத்ததை டெவலப்பர் மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தார்.

மேனேஜர் விட்டுக்கொடுக்கவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு கிளையன்ட் லைன்ல கத்துறப்போ நாலு நிமிஷம் சும்மா இருந்தா யார் தாங்குவா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அது லாக் வரிக்கு உரியது அல்ல, வாடிக்கையாளரிடம் பேசும் வரிக்கு உரியது. "சார், இதை அந்த வரியில வச்சுப் பேசுவோம்" என்று திரையில் அங்கே எழுதினேன். அந்த வரியில் சேலத்துப் பெண்ணுக்கு மற்ற மூன்று பேருமே 2 போட்டிருந்தார்கள். மேனேஜர் சொன்ன குறை உண்மைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். தன் கருத்து அதற்குரிய இடத்தில் பதிவானதும் அவர் குரலும் இறங்கியது.

பேசி முடித்ததும் ஐந்து நிமிடம் மௌனமாக எல்லோரும் மறுபடி மார்க் போட்டார்கள். பழைய மார்க்கை அழிப்பதில்லை. பக்கத்தில் புதியது, மாற்றியதற்கான காரணம். காரணமாக ஒரு புதுத் தகவல் இருக்க வேண்டும். "மேனேஜர் சொன்னார்" என்று மட்டும் இருந்தால் பழைய மார்க்தான் நிற்கும். பலரும் ஒரே பக்கம் நகர்ந்து, காரணக் கட்டம் காலியாகக் கிடந்தால், சத்தத்துக்குப் பணிந்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இங்கே சேலத்துப் பெண்ணுக்கு லாக் வரியில் மேனேஜர் 2-ஐ 3 ஆக்கி, "ரெஃபரன்ஸ் எண்ணைக் கவனித்தது எனக்குத் தெரியாது" என்று எழுதினார். மதுரைக்காரருக்குப் போட்ட 4-ஐ அவர் மாற்றவில்லை, அதுவும் அப்படியே பதிவில் இருக்கிறது. எல்லோரும் ஒரே எண்ணுக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை.

கடைசியில் சப்போர்ட் லீட் பேசினார். இந்த வேலைக்கு லாக் வரிதான் முக்கியம், அதில் 3-க்குக் கீழே இருந்தால் எடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தோம். புது மார்க்கில் சேலத்துப் பெண்ணுக்கு 4, 4, 4, 3. மதுரைக்காரருக்கு டெவலப்பர் உட்பட மூன்று பேர் 2. தேர்வு சேலத்துப் பெண் என்றார் லீட். கூடவே, வாடிக்கையாளர் அழைப்புகளில் முதல் மூன்று மாதம் தானும் லைனில் இருப்பதாகச் சொன்னார். மேனேஜர் எழுப்பிய குறையிலிருந்து வந்த ஏற்பாடு என்பதால், அதையும் முடிவோடு சேர்த்தே படிவத்தில் எழுதினோம்.

மதுரைக்காரரை அன்று மாலையே அழைத்துப் பேசினேன். வடிவமைப்பில் நன்றாகச் செய்திருந்ததைச் சொன்னேன். லாக் பயிற்சியில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். எந்த இடத்தில் என்று கேட்டார். டெவலப்பரின் குறிப்பைப் பார்த்து, இரண்டாவது வரி என்றேன்.