உப்பிய முகம், இறுகிய தாடை: மண்டபம் பக்கத்து மசாஜ் குறிப்புகள்

பிப்ரவரி 4

காலையில் "முகம் உப்பிக் கெடக்கு மதினி" என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது மூன்று விஷயம். ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், தலையணை வைத்துப் படுத்தீர்களா, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கினீர்கள். இந்த மண்டபம் கடற்கரையில் முதல் கேள்விக்குப் பாதி நாள் கருவாடுதான் பதில். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். படுத்திருக்கும்போது அந்த நீர் காலுக்கு இறங்காமல் முகத்தில் தங்கும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது, அடியில் உள்ள திசுவும் தளர்வானது. அதனால் அங்கேதான் முதலில் தெரியும்.

எழுந்து நடமாடினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இது தானாகவே வற்றிவிடும். மசாஜ் செய்தால் கொஞ்சம் சீக்கிரம் வற்றும். மசாஜின் உண்மையான பலன் அவ்வளவுதான், அதுவும் அன்றைக்கு மட்டும். கல்யாண வீட்டுக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அதுவே போதுமானது.

பிப்ரவரி 5

கை எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். திசுவில் தேங்கிய நீரை உறிஞ்சி எடுக்கும் நிணநீர் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கின்றன. அவற்றின் சுவரை, சுற்றியுள்ள திசுவோடு மெல்லிய இழைகள் கட்டி வைத்திருக்கின்றன. தோலை மெதுவாக இழுத்தால் அந்த இழைகள் இழுபட்டுச் சுவரில் இடைவெளி திறக்கும், நீர் உள்ளே போகும். விட்டால் மூடிக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தால் குழாய் நசுங்கும். தோல் சிவந்து ரத்த ஓட்டம் கூடும், ரத்தக் குழாயிலிருந்து இன்னும் கொஞ்சம் நீர் வெளியே கசியும். வற்ற வைக்கப்போய் ஊற வைத்த கதைதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கன்னத்தில் விரலை வைத்து நகர்த்துங்கள். தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும், அடியில் பல் தட்டுப்படக் கூடாது. பல் தெரிந்தால் அழுத்தம் அதிகம். முடித்த பிறகு முகம் சிவந்திருந்தாலும் அப்படித்தான்.

எண்ணெய் விஷயமும் இதோடு சேர்ந்ததே. உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டால் விரல் வழுக்கிப் போகும், தோல் இழுபடாது. உப்பிய முகத்துக்கு எண்ணெயே வேண்டாம். தோல் ரொம்ப வறண்டிருந்தால் முழு முகத்துக்கும் இரண்டு சொட்டு போதும். கடலுக்குப் போய் வந்தவர் முதலில் நல்ல தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். காய்ந்த உப்பும் மணலும் தோலில் இருக்கையில் கை வைத்தால் சிராய்க்கும்.

பிப்ரவரி 7

வரிசை. முகத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கழுத்தடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முகத்து நிணநீர் காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் உள்ள முடிச்சுகளுக்குப் போய், கழுத்து வழியாக இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் சேர்கிறது. கடைமடை அடைத்திருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் தள்ளி என்ன பயன்?

சாய்ந்து உட்கார்ந்து வயிறு எழும்ப ஐந்து மூச்சு. பிறகு காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் மூன்று விரலைத் தட்டையாக வைத்து, தோலை உள்நோக்கிக் கீழே லேசாக இழுத்து விடுவது, பத்து முறை. இழுக்க ஒரு நொடி, விட்டுக் காத்திருக்க ஒரு நொடி. அவசரப்பட்டால் குழாய் நிரம்ப நேரம் கிடைக்காது.

அடுத்து கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழிருந்து தோள் வரை மூன்று இடங்களில் ஐந்தைந்து முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. குரல்வளைக்கு இருபுறமும் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தவே கூடாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது. அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கமே வரலாம்.

அதன் பின் காதுக்கு முன்னால் பத்து முறை, தாடைக்கு அடியில் பத்து முறை. இப்போதுதான் முகம். மோவாயிலிருந்து தாடை மூலைக்கு, மூக்கோரத்திலிருந்து கன்னம் வழியாகக் காதுக்கு, நெற்றி நடுவிலிருந்து நெற்றியோரப் பொட்டு வழியாகக் காதுக்கு. கண்ணுக்குக் கீழே மோதிர விரல் மட்டும், உள்மூலையிலிருந்து வெளியே, எலும்பின் மேல். கண்விழியை அழுத்தக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் ஐந்து முறை. கடைசியில் மறுபடி கழுத்து, காறை எலும்புக் குழி. பத்து நிமிடத்துக்குள் முடியும்.

பிப்ரவரி 10

கடல்பாசி எடுக்கப் போகும் ஒருவரின் முகத்தில் செய்து பார்த்தது. கண்ணாடியின் பட்டையை இறுக்கிக் கட்டி முங்குகிறவர் என்பதால் கண்ணைச் சுற்றி வட்டமாக வீக்கமும் தடமும் இருந்தன. கண் வெள்ளையில் ரத்தத் திட்டு இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் தொட்டது. இருந்தால் தொடாமல் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பாதி முகத்தில் மட்டும் செய்வதே உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழி. முழு முகத்திலும் செய்தால் தானாக வற்றியது எவ்வளவு, கை வற்ற வைத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. காலை ஆறு மணிக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து, போனை அலமாரியில் நிறுத்தி ஒரு படம். வலப்பக்கம் மட்டும் மசாஜ். முடிந்ததும் அதே இடத்தில் இன்னொரு படம். வலக் கண்ணின் கீழ்ப்பை இடப்பக்கத்தைவிடத் தட்டையாக இருந்தது, கீழே விழும் நிழல் குறைந்திருந்தது. ஏழு மணிப் படத்தில் வித்தியாசம் சொன்னால்தான் தெரியும். எட்டரைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதை வைத்து உடனே முடிவுக்கு வரக் கூடாது. அவர் இடப்பக்கம் சாய்ந்து தூங்குகிறவர். சாய்ந்த பக்கம் இயல்பாகவே கூடுதலாக உப்பும், ஆகவே மசாஜ் செய்யாமலே வலப்பக்கம் நன்றாகத் தெரிந்திருக்கலாம். மறுநாள் பக்கம் மாற்றி இடப்பக்கம் செய்தபோது, முதலில் இருந்த ஏற்றத்தாழ்வு போய் இரண்டும் சமமாகின. இரண்டு நாளும் கை வைத்த பக்கமே கூடுதலாக வற்றியதால், கை ஏதோ செய்கிறது என்று சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு இதைவிடப் பயன்பட்டது பட்டையை ஒரு துளை தளர்த்தியதும், இரண்டு தலையணை வைத்துப் படுத்ததும்தான். மசாஜ் கற்றுக் கொடுக்கிறவர் இதை முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் வருமானம் குறையும் என்பது வேறு.

பிப்ரவரி 13

தாடைத் தசைக்குக் கை வேறு. நேற்றுவரை சொன்ன லேசான கை இங்கே உதவாது. இரண்டையும் கலந்து செய்கிறவர்கள் இரண்டிலும் பலன் காணாமல் போகிறார்கள்.

பல்லை இறுக்கிக் கடித்தால் தாடை மூலைக்கு முன்னால் ஒரு தசை புடைக்கும். கன்ன எலும்பிலிருந்து தாடை மூலை வரை இறங்குகிற அதுதான் மெல்லும் தசை. இடத்தைக் கண்டதும் பல்லை விட்டுவிடுங்கள். உதடு மூடி, பல் ஒன்றோடொன்று படாமல், நாக்கு மேலண்ணத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். பல் கடித்தபடியே தேய்த்தால் தசை எப்படித் தளரும்?

இரண்டு விரல் நுனியால், "வலிக்குது, ஆனா சுகமா இருக்கு" என்கிற அளவுக்கு மெதுவாக அழுத்தி இருபது முப்பது நொடி பிடித்து வையுங்கள். மேலே, நடுவே, கீழே என மூன்று இடம். பிறகு கன்ன எலும்பிலிருந்து தாடை வரை மெல்ல வழித்து இறக்குவது ஐந்து முறை. காதுக்கு மேலே விசிறிபோல் விரிந்த பொட்டுத் தசைக்கும் இதேதான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். காது ஓட்டைக்கு நேர் முன்னால் வாயைத் திறந்தால் அசைகிற மூட்டின் மேல் மட்டும் அழுத்தாதீர்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அவரவர் மூன்று விரல் நுழையும். மசாஜுக்கு முன் இரண்டரை விரல், பின் மூன்று என்றால் தசை தளர்ந்திருக்கிறது. ராத்திரி பல் கடிப்பவருக்கு மறுநாள் காலை மீண்டும் இறுகியிருக்கும். அவருக்குப் பல் மருத்துவர் செய்து தரும் உறை தேவைப்படலாம்.

பிப்ரவரி 14

நேற்றைய மூன்று விரல் கணக்கில் ஒரு பின்குறிப்பு, இதைத் தவற விடக் கூடாது. பாக்கு போடுகிறவருக்கு வாய் திறப்பது மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்தால், காரம் பட்டால் வாய் எரிந்தால், கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருந்தால் அது தசை இறுக்கமல்ல. பாக்கால் வாயின் உட்திசு நாராகி விறைக்கும் நோயாக இருக்கலாம், அது புற்றுநோயாக மாறக்கூடியது. எத்தனை மசாஜ் செய்தாலும் திறக்காது. பாக்கை நிறுத்தி, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலோ எந்தப் பல் மருத்துவரிடமோ உடனே காட்ட வேண்டும்.

பிப்ரவரி 17

விளம்பரங்களைப் பற்றி.

"நச்சு வெளியேறும்." நிணநீரில் போவது பெரும்பாலும் நீரும் புரதமும் நோய் எதிர்ப்பு அணுக்களும்தான். கழிவைப் பிரிப்பது ஈரலும் சிறுநீரகமும். கன்னத்தைத் தடவி அவற்றின் வேலையைக் கூட்ட முடியாது.

"தாடை சிறுக்கும், இரட்டை மோவாய் கரையும்." எலும்பும் கொழுப்பும் விரலுக்கு நகராது. உப்பல் வற்றிய ஒரு மணி நேரத்துக்குத் தாடைக்கோடு கொஞ்சம் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் மோவாயைத் தூக்கி, விளக்கை மாற்றி எடுத்த படம்தான் விளம்பரத்தில் வருவது.

"ஒளிரும் முகம்." இதில் பாதி உண்மை. ஐந்து நிமிடம் ரோலர் உருட்டிய கன்னத்தில் ரத்த ஓட்டம் கூடி, நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் போல நீடிப்பதை 2018இல் வந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று அளந்திருக்கிறது. சுருக்கம் மறையும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குளிர்ந்த கல் ரோலர் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதில் குளிருக்குத்தான் பங்கு அதிகம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும். ஃப்ரிட்ஜில் வைத்த எவர்சில்வர் கரண்டிக்கும் அதே பலன், காசு மிச்சம். கல்லால் அழுத்தி இழுப்பதை வெயிலில் நிற்கிற நம் தோலுக்கு நான் சொல்ல மாட்டேன். உரசல் திரும்பத் திரும்ப நடந்தால் கருமை படியும், மங்கு இருப்பவருக்கு அது இன்னும் அடர்ந்துவிடும்.

பிப்ரவரி 18

கை வைக்காமல் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிச் சூடாகிக் காய்ச்சலோடு வந்தால் பல்லடியில் சீழ் இருக்கலாம். மூக்கைச் சுற்றிக் கொப்புளம் இருந்தால் அமுக்கக் கூடாது. இதயம் பலவீனமானவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். உதடோ நாக்கோ திடீரென வீங்கி மூச்சு முட்டினால் 108.

கண் உப்பல் தினமும் மத்தியானம் வரை வற்றாமல், காலும் வீங்கி, சிறுநீரில் நுரை நின்றால் சிறுநீரகப் பரிசோதனை. முகம் உப்பி, குரல் கரகரத்து, எப்போதும் குளிர்வதாகச் சொன்னால் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை. இந்த இரண்டு வகையினரும் மசாஜ் முடிந்ததும் கொஞ்சம் லேசாக உணர்வார்கள், "இது போதும் மதினி, ஆஸ்பத்திரி வேணாம்" என்பார்கள். சீட்டு எழுதிக் கையில் கொடுத்த பிறகே அடுத்த முறை வரச் சொல்லலாம்.