ஊர் மாறியதும் பழையது புதிதாகும் ஃபைல்கள்

சென்னையிலிருந்து துபாய்க்குப் போகும் ஒரு தணிக்கைக் குழுவை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் கணக்கு ஃபைல்கள் இருக்கின்றன, அவற்றின் நகல் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. இரண்டையும் ஒரு சிங்க் புரோகிராம் ஒப்பிடும். எந்தப் பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்டதோ அந்த ஃபைலை மறுபக்கத்துக்கு எழுதும். சென்னையில் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. துபாய்க்குப் போய் முதல் தடவை ஓட்டியதுமே, கிளம்புகிற அன்று மாலை செய்த திருத்தங்கள் மட்டும் காணாமல் போகின்றன. மற்ற எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வைரஸ் என்பார்கள், பென்டிரைவ் கெட்டுவிட்டது என்பார்கள். இரண்டும் இல்லை.

லேப்டாப்பின் டிஸ்க் பெரும்பாலும் NTFS வடிவில் இருக்கும். அது ஒவ்வொரு ஃபைலின் கடைசித் திருத்த நேரத்தையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் குறித்துவைக்கும். லினக்ஸின் ext4, மேக்கின் APFS இரண்டும் அப்படியே. நாம் திரையில் பார்க்கும் மணி, அந்தப் பொது நேரத்தோடு நம் ஊரின் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவது. இந்தியாவுக்கு ஐந்தரை மணி, துபாய்க்கு நான்கு மணி, சிங்கப்பூருக்கு எட்டு மணி. ஊர் மாறினால் திரையில் தெரியும் மணி மாறும், உள்ளே எழுதியிருப்பது மாறாது.

FAT32 பென்டிரைவ் அப்படி இல்லை. எழுதும்போது கடிகாரம் காட்டிய உள்ளூர் மணியை அப்படியே எழுதிவைக்கும். அது எந்த ஊர் மணி என்று எங்கும் குறிப்பு இருக்காது. படிக்கும் கணினி, தான் இப்போது இருக்கும் ஊரின் மணி அது என்று எடுத்துக்கொள்ளும். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு ஃபைலைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். சென்னையில் பிற்பகல் 3:00 மணிக்கு ஒரு எக்செல் ஷீட்டைச் சேமித்து, உடனே பென்டிரைவுக்கு நகலெடுத்தாயிற்று. லேப்டாப்பில் 09:30 யுடிசி என்று பதிவாகிறது, பென்டிரைவில் வெறும் 15:00. மாலை 4:00 மணிக்கு லேப்டாப்பில் அதே ஷீட்டில் இரண்டு வரிகளைத் திருத்துகிறார்கள். லேப்டாப்பின் பதிவு 10:30 யுடிசி ஆகிறது. விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் மறுபடி நகலெடுக்கவில்லை. துபாயில் இறங்கியதும் லேப்டாப் தன் நேர மண்டலத்தை மாற்றிக்கொள்கிறது. இப்போது பென்டிரைவில் உள்ள 15:00 துபாய் மணியாகப் படிக்கப்படுகிறது. நான்கு மணியைக் கழித்தால் 11:00 யுடிசி. லேப்டாப்பில் இருப்பதோ 10:30. ஆக, மூன்று மணிக்கு எடுத்த பழைய நகல், நான்கு மணிக்குச் செய்த திருத்தத்தைவிட அரை மணி நேரம் புதியதாகத் தெரிகிறது. இருபக்க சிங்க் என்றால் பழையது புதியதன்மேல் எழுதப்படும். லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கு மட்டும் போகும் பேக்கப்பாக இருந்து, நகலெடுக்கும் கட்டளைகளான rsync-இல் `-u`, robocopy-யில் `/XO` கொடுத்திருந்தால், "அங்கே இருப்பது புதியது" என்று அந்த ஃபைல் சத்தமில்லாமல் தாண்டப்படும். பேக்கப் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். என் கணிப்பில் இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது.

கடைசியாக நகலான பதிப்பின் திருத்த நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்த திருத்தங்கள் மட்டுமே இப்படிப் போகும். அதற்கு முந்தையவை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் எதை எதன்மேல் எழுதினாலும் நஷ்டமில்லை. பிந்தையவை ஒன்றரை மணியைத் தாண்டியதால் ஜெயித்துவிடும். கிளம்பும் முன் அவசரமாக வேலை செய்வது அந்த நேரத்தில்தான் என்பதால் அடி சரியாக அங்கே விழுகிறது.

கிழக்கே போனால் கதை திரும்பும். சிங்கப்பூரில் அதே 15:00, 07:00 யுடிசி ஆகப் படிக்கப்படும். பென்டிரைவில் உள்ள எல்லாமே இரண்டரை மணி நேரம் பழையதாகத் தெரியும். ஒன்றும் மாறாத ஃபைல்கள்கூட ஒன்று விடாமல் மறுபடி நகலாகும். நேரம்தான் வீண், நஷ்டம் பெரும்பாலும் இல்லை. ஆனால் கிளம்பும் முன் வேறொரு கணினியில் பென்டிரைவிலேயே நேராகத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் லேப்டாப்பின் பழைய நகலிடம் தோற்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓட்டும் முன் ஒத்திகை பார்த்தால் போதும். விண்டோஸில் `/L` கொடுத்தால் robocopy எதையும் எழுதாமல் பட்டியலை மட்டும் காட்டும்.

```
robocopy D:\Audit E:\Audit /E /FFT /L
```

லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கான இந்த ஒத்திகையில் வரிசையாக `Older` என்று வந்தால், லேப்டாப்பில் இருப்பது பழையது என்று அது நினைக்கிறது. முந்தின நாள் வரை வேலை செய்த லேப்டாப் ஒட்டுமொத்தமாகப் பழையதாக இருக்க வழியில்லை. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். லினக்ஸில் `rsync -rtni --modify-window=2` அதே வேலையைச் செய்யும். `>f..t......` என்று வரும் வரிகளுக்கு, அளவு ஒன்றுதான், நேரம் மட்டும் வேறு என்று பொருள். `>f.st......` என்றால் அளவும் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் உண்மையிலேயே வேறு. (FAT32 நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். அந்தச் சில்லறை வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்லவே `/FFT`, `--modify-window` இரண்டும்.)

அடுத்து, நான்கைந்து ஃபைல்களின் நேரத்தை இரண்டு பக்கமும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் சரியாக 1:30 அல்லது 2:30 என்று ஒரே வித்தியாசம் இருந்தால் காரணம் நேர மண்டலம், சந்தேகமே வேண்டாம். இந்திய நேரத்தில் அந்த அரை மணி இருப்பது இங்கே நமக்கு உதவி. வித்தியாசம் முழு மணியாக இல்லாமல் முப்பது நிமிடத்தில் முடிந்தால், ஒரு பக்கம் இந்திய நேரம் கலந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஃபைலுக்கு ஃபைல் வித்தியாசம் தாறுமாறாக இருந்தால் அவை உண்மையான திருத்தங்கள்.

சரிசெய்ய எளிய வழி, நகலெடுத்து முடிக்கும்வரை லேப்டாப்பை இந்திய நேர மண்டலத்துக்கே திருப்புவது.

```
tzutil /s "India Standard Time"
```

பிறகு பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, ஒத்திகையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். `Older` வரிகள் மறைந்திருந்தால் சிங்க் செய்யலாம். லினக்ஸில் மண்டலத்தை மாற்றாமலே, இந்த டிரைவில் இருப்பது இந்திய மணி என்று மவுண்ட் செய்யும்போதே சொல்லிவிடலாம். 330 என்பது ஐந்தரை மணியின் நிமிடக் கணக்கு.

```
mount -t vfat -o time_offset=330 /dev/sdb1 /mnt/pen
```

அடிக்கடி ஊர் மாறுபவர்கள் அந்த டிரைவை NTFS-ஆக ஃபார்மட் செய்துகொள்வது நல்லது. ஆனால் மேக் அதைப் படிக்குமே தவிர, தானாக எழுதாது. exFAT-இல் ஊரின் வித்தியாசத்தைக் குறித்துவைக்க இடம் உண்டு. எழுதும் கருவி அதை நிரப்பியிருந்தால்தான் பயன், நிரப்பாத கருவிகளும் உள்ளன. அதனால் exFAT என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதே பயணத்தில் இன்னொரு தவறும் நடக்கும், அதற்குப் பென்டிரைவே வேண்டாம். லேப்டாப் தானாக மண்டலம் மாற்றாமல் இந்திய நேரத்தையே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டலத்தை மாற்றாமல், கடிகாரத்தைக் கையால் ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். திரையில் துபாய் மணி சரியாகத் தெரியும். உள்ளே யுடிசி ஒன்றரை மணி பின்தங்கிவிட்டது. சென்னையில் ஒருவர் பிற்பகல் 2:00 மணிக்கு, அதாவது 08:30 யுடிசிக்கு ஒரு ஃபைலைச் சேமிக்கிறார். துபாயில் இருப்பவர் இணைப்பு இல்லாத நேரத்தில் அதே ஃபைலை உள்ளூர் மணி 1:15-க்குத் திருத்துகிறார். உண்மையில் அது 09:15 யுடிசி, ஆனால் அவருடைய லேப்டாப் 07:45 என்று எழுதுகிறது. நேரத்தை வைத்து முடிவெடுக்கும் எந்தப் புரோகிராமும் சென்னை ஃபைலைத்தான் புதியது என்னும். Syncthing எனும் சிங்க் புரோகிராம், இரண்டு திருத்தங்கள் இப்படி மோதும்போது பழைய நேரம் கொண்டதை அழிக்காமல், பெயரில் `sync-conflict` சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்துவிடும். அதனால் கடிகாரத்தில் சந்தேகம் இருக்கும் நாட்களில் அந்தப் பெயருள்ள ஃபைல்களைக் குப்பை என்று அழிக்கக் கூடாது. வேண்டிய திருத்தம் அதில்தான் இருக்கும்.

கடிகாரம் உண்மையில் சரியா என்று பார்க்கத் திரையின் மணி போதாது. விண்டோஸில் `w32tm /stripchart /computer:time.windows.com /samples:3 /dataonly` என்று கொடுத்தால், சர்வரோடு எத்தனை விநாடி வித்தியாசம் என்று வரும். ஒரு விநாடிக்குக் கீழே இருந்தால் நல்லது. 5400-ஐ ஒட்டி வந்தால், யாரோ ஒன்றரை மணி நேரம் கையால் திருப்பியிருக்கிறார்கள்.

இணையமே இல்லாத கணினிகளில் இது இன்னும் மோசமாகும். மேசைக் கணினியின் மதர்போர்டில் CR2032 பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அன்று செய்த வேலை எல்லாம் பழைய தேதியில் பதிவாகி, சிங்க்கில் தோற்றுப்போகும். பேட்டரியை மாற்றிவிட்டு, கையால் தேதி வைக்கும்போது வருடத்தை ஒன்று கூட்டிவைத்துவிட்டால் நேர்மாறான தொல்லை. அந்த ஃபைல்கள் அடுத்த ஒரு வருடத்துக்கு எல்லாத் திருத்தங்களையும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். கடிகாரத்தைச் சரிசெய்தாலும் ஏற்கெனவே பதிவான நேரங்கள் தானாக மாறாது. முதலில் கடிகாரத்தைச் சரியாக்கி, சிங்க்கை எல்லாக் கணினிகளிலும் நிறுத்திவிட்டு, எதிர்காலத் தேதி உள்ளவற்றை மட்டும் தேடி எடுக்க வேண்டும். லினக்ஸில் அதற்கான கட்டளை இது.

```
find . -type f -newermt now
```

பட்டியலைக் கண்ணால் பார்த்து, எல்லாம் ஒரு வருடம்தான் முந்தியிருக்கின்றன என்று உறுதியானால், இதே கட்டளையோடு `-exec touch -r {} -d '-1 year' {} \;` என்று சேர்க்கலாம். ஒவ்வொன்றின் சொந்த நேரத்திலிருந்தும் ஒரு வருடம் குறையும், அவற்றுக்குள் எது முன் எது பின் என்ற வரிசை குலையாது. எல்லாவற்றுக்கும் இன்றைய நேரத்தைப் போட்டுவிடுவது சுலபமாகத் தோன்றும். அப்படிச் செய்தால் அந்த வரிசை போய்விடும், மற்ற கணினிகளில் செய்த திருத்தங்கள் அத்தனையும் தோற்கும். இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. கடிகாரம் இரண்டரை மணி மட்டும் முந்தியிருந்தால், இரண்டரை மணி கழித்து இந்தத் தேடலில் ஒன்றும் அகப்படாது. அப்போது அந்தக் கணினியில் அன்று யார் எதைத் திருத்தினார்கள் என்று கேட்டு, அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிடுவதுதான் ஒரே வழி.