ஸ்லைடு வரியை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்

ஸ்லைடுகளை முடித்ததும் எழுந்து நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில் ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். முணுமுணுத்தால் எவ்வளவு நீள வரியும் தேறிவிடும். நெஞ்சு நிறைய மூச்சிழுப்பதும், கடைசியில் வேகம் கூட்டுவதும் கள்ளாட்டம்.

மூச்சு முட்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே மூச்சு தீர்ந்துவிடும். கூடியதா குறைந்ததா என்று தெரியாமல் கேட்பவரும் காத்திருப்பார்.

உதாரணமாக: ‘கடந்த மூன்று மாதங்களில் வாடிக்கையாளர்களிடமிருந்து பெறப்பட்ட டெலிவரி தாமதம் தொடர்பான புகார்களின் எண்ணிக்கையில் கணிசமான அளவு குறைவு ஏற்பட்டுள்ளது.’

இதில் ‘பெறப்பட்ட’, ‘தொடர்பான’, ‘எண்ணிக்கையில்’ மூன்றும் வெறும் சுமை. ‘குறைவு ஏற்பட்டுள்ளது’ என்பது ‘குறைந்தது’தான். ‘கணிசமான’ இருந்த இடத்தில் எண்ணைப் போடலாம்: ‘டெலிவரி தாமதப் புகார்கள்: 3 மாதத்தில் 120-லிருந்து 70 ஆகக் குறைந்தன.’ வாடிக்கையாளரைச் சொல்லவே வேண்டாம். புகார் வேறு யாரிடமிருந்து வரும்?

கண்ணை ஏமாற்றுவது எண்கள்தான். ₹4,37,862 ஸ்லைடில் கையளவு இடம். வாய்விட்டுப் படித்தால் ‘நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு ரூபாய்’. ஸ்லைடில் ₹4.4 லட்சம் போதும். முழுத் தொகை கையில் கொடுக்கும் தாளில் இருக்கட்டும்.

வரியை இரண்டாக உடைத்தால் இரண்டையும் மறுபடி படியுங்கள். ‘மற்றும்’ வந்த இடத்தில் வெட்டினால் இரண்டாவது பாதி பெரும்பாலும் எழுவாய் இல்லாமல் தொங்கும். சட்டப்பிரிவு, ஒப்பந்த வாசகம் போன்றவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.