கதவுப் பதிவையும் விபிஎன் பதிவையும் பொருத்தப் போய் நான் பட்ட பாடு

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பாதுகாப்புத் தணிக்கைக்காக எங்கள் நிறுவனத்திடம் ஒரு கேள்வி வந்தது: ஒரே ஆள் கதவில் அட்டை வைத்து உள்ளே வந்த நேரத்திலேயே வீட்டிலிருந்து விபிஎன்னிலும் இருந்தாரா? கடவுச்சொல்லை யாராவது பகிர்கிறார்களா, அட்டைக்கு நகல் ஓடுகிறதா என்று அதில் தெரிந்துவிடுமாம். நல்லூர்ப் பக்கம் பிரதான அலுவலகம், கொக்குவிலில் சிறிய கிளை. இரண்டு கதவு, ஒரு விபிஎன் சேர்வர். சின்ன வேலைதான் என்று நினைத்தால், கதவுப் பதிவைக் கையில் எடுக்கவே வாரக் கணக்காகிவிட்டது.

விபிஎன் பதிவு என் கையிலேயே இருந்தது. கதவுப் பதிவு நிர்வாகப் பிரிவிடம். "தம்பி, உது பிடிஎஃப் ஆகத்தான் வரும், வேறை மாதிரி எடுக்கேலாது" என்றார் அங்கிருந்த அண்ணை. மேலாளரின் கடிதம் கேட்டார், கொடுத்தேன். பிறகு மனிதவளப் பிரிவின் கடிதமும் வேண்டும் என்றார். கடைசியில் ஒரு எக்செல் கோப்பு வந்தது. அதில் பாதி அட்டை எண்கள் யாருடையவை என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

காரணம் இதுதான். நாங்கள் பாவிப்பது 125 கிலோஹேர்ட்ஸ் மலிவு அட்டை. அதன் மேல் ஒரே எண் இரண்டு விதமாக அச்சிடப்பட்டிருக்கும். உதாரணமாக என் அட்டையில் `0004218765 064,24461` என்று இருக்கிறது. மனிதவளப் பிரிவின் பட்டியலில் முதல் எண், கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டாவது எண். 64ஐ 65536ஆல் பெருக்கி 24461ஐக் கூட்டினால் 4218765 வரும், அவ்வளவுதான் சூத்திரம். முன்னால் நின்ற பூச்சியங்களை எக்செல் தின்றுவிட்டதால், எண்ணை எழுத்தாக வைத்து ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டையும் எண்ணாக்கிய பிறகுதான் ஆட்களின் பெயர்கள் வந்தன. வேலையை விட்டுப் போனவரின் அட்டை புதியவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியிலிருந்து அவருடையது என்பதையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் போனவரின் கணக்கு இன்னும் கதவு திறப்பதாகக் காட்டும்.

சரி, பொருத்திப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோருமே குற்றவாளி! விபிஎன் சேர்வர் எழுதுவது யூடிசி நேரம், கதவுப் பெட்டி எழுதுவது இலங்கை நேரம். ஐந்தரை மணி வித்தியாசம். இரவு 7:30க்கு வீட்டிலிருந்து நுழைந்தவர் பதிவில் பிற்பகல் 2:00 மணிக்கு நுழைந்ததாகத் தெரிவார். அந்த நேரம் அவர் அலுவலகக் கதிரையில் இருந்திருப்பார். இதைத் திருத்தியதும் பட்டியல் சுருங்கியது.

இன்னொரு சிக்கல், எங்கள் கதவுகளில் வெளியே போகும் பக்கம் ரீடர் இல்லை. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். ஆகவே காலை 9 மணிக்கு வந்தவர் 2 மணிக்கு விபிஎன்னில் இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டு இணைப்பு திறந்திருக்கும்போதே நடுவில் அட்டை வைக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் கேள்வி. அலுவலகத்துக்குள்ளிருந்தே விபிஎன் போடுகிறவர்களைக் கழிக்க அலுவலக ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டேன்:

```sql
SELECT b.usr, b.t_fixed, v.t_start, v.t_stop, v.bytes
FROM badge b JOIN vpn v ON v.usr = b.usr
WHERE b.t_fixed BETWEEN v.t_start AND v.t_stop
  AND v.src_ip <> '203.0.113.10';
```

ஐபியை வைத்து ஊர் சொல்லும் சேவையை இதில் சேர்க்கப் போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மொபைல் டேட்டா போடுகிறவரையும் அது கொழும்பில் காட்டிவிடும்.

`t_fixed` என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் கதையே. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மணிக்கூடு இணையத்தோடு ஒத்திசைவதில்லை. உள்ளே ஒரு சின்ன பட்டரி. அது செத்திருந்தால் மின்சாரம் போய் வரும்போது தேதி 2000ஆம் ஆண்டுக்கே போய்விடும். அந்த வரிகள் கண்ணில் படும், தூக்கி எறியலாம். மெல்ல மெல்ல விலகும் மணிக்கூடு கண்ணில் படாது. அதனால் தொலைபேசியில் வினாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு என் அட்டையை இரண்டு கதவிலும் வைத்தேன், பிறகு பதிவில் விழுந்த நேரத்தோடு கழித்துப் பார்த்தேன். நல்லூர் சரி. கொக்குவில் 11 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழித்துத் திருத்திய நேரம்தான் `t_fixed`.

எஞ்சியவர்களில் ஒருவர் வீட்டுக் கணினியை இரவு முழுக்க விபிஎன்னில் விட்டுவிட்டு வந்தவர். அவர் அட்டை வைத்த நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு டேட்டா போனது என்று விபிஎன் சேர்வர் இடையிடையே எழுதும் பதிவுகளில் பைட்டுகள் ஏறவே இல்லை, இணைப்பு உயிரோடிருக்கப் போய்வரும் சில்லறை மட்டும். அவரை விட்டுவிடலாம்.

மற்றவர் ஒரு தம்பி, நல்லூரில் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில், டேட்டா நிறையப் போய்வந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய அட்டை கொக்குவில் கதவைத் திறந்திருக்கிறது. "பாஸ்வேர்டை ஆருக்கோ குடுத்திட்டான்" என்று மேற்பார்வையாளர் முடிவே கட்டிவிட்டார். ஆனால் விபிஎன்னில் வந்தது அவருடைய மடிக்கணினியின் சான்றிதழ். அந்த மடிக்கணினியையே தூக்கிக்கொண்டு வேறு ஆள் போனால்தான் உண்டு.

தீர்த்து வைத்தது அவர் அலுவலகம் வந்த ஒரு நாள். பதிவில் நல்லூரில் 9:04:20, கொக்குவிலில் 9:15:50. மோட்டார் சைக்கிளில் போயிருக்கலாம் என்று யாரும் கவனிக்காத வரி. கொக்குவிலில் 11 நிமிடத்தைக் கழித்தால் 9:04:50. அரை நிமிடத்தில் நல்லூரிலிருந்து கொக்குவிலுக்கு யாராலும் போக முடியாது. அதோடு 9:06க்கு அவருடைய மடிக்கணினி நல்லூர் வைஃபையில் ஏறியிருக்கிறது. இரண்டு அட்டை இருக்கிறது, கொக்குவிலில் ஓடுவது நகல். அட்டையை யாருக்கோ இரவல் கொடுத்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்காது. இந்த வகை அட்டை தன் எண்ணை மட்டும்தான் சொல்லும், நகலா அசலா என்று ரீடருக்குத் தெரியாது. பதிவில் இப்படி மாட்டினால்தான் உண்டு.

கமராவைப் பார்த்தோம். கொக்குவிலில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெடியன். அட்டை கேட்டு நிர்வாகப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுத்து மாதக் கணக்காகியும் வரவில்லையாம். கடிதம் கொண்டு வா, படம் கொண்டு வா என்று அலைக்கழித்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு கூட்டாளி, மேசையில் கிடந்த அட்டையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, கையடக்கக் கருவியில் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதக் கதையை அறிக்கையில் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. தம்பியின் பெயரும் துலங்கியது, மேற்பார்வையாளர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த எண்ணை ரத்துச் செய்து தம்பிக்குப் புது அட்டை கொடுத்தாயிற்று. நகலெடுக்கக் கடினமான டெஸ்ஃபயர் அட்டைக்கு மாறினால் ரீடர்களையும் மாற்றவேண்டும், விலைமனு மேலே போயிருக்கிறது. ரீடர் மாறினாலும் அட்டை எண்ணை மட்டும் பார்க்கும்படி அமைத்தால் பயனில்லை என்று அதில் எழுதியிருக்கிறேன், அட்டைக்குள் இருக்கும் இரகசியச் சாவியைச் சரிபார்க்கச் சொல்லவேண்டும்.

இந்தப் பொருத்தத்தில் அகப்படாத ஒன்றும் உண்டு. இரண்டு பேர் வீட்டிலிருந்தே ஒரு கணக்கைப் பகிர்ந்தால் கதவுப் பதிவு வாய் திறக்காது. அதற்கு ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இணைப்புகளை, எந்தச் சாதனத்திலிருந்து என்று பார்க்கவேண்டும். இப்போது அதைத்தான் தொடங்கியிருக்கிறேன். இதற்கு நிர்வாகப் பிரிவின் கடிதம் தேவைப்படவில்லை.