ஜப்பான் பெண்களோட இறப்பு விகிதத்த லீ-கார்ட்டர் மாடல்ல ஓட்டிப் பாத்த கதை: 1947-ல ஆரம்பிச்சதுல என்ன ஆச்சு

மூணு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இதுலதான் உக்காந்திருக்கேன். ஒரு நாட்டுல எந்த வயசுல எத்தன பேர் சாகுறாங்கன்னு பழைய வருஷங்களோட கணக்கு இருக்கு, அத வெச்சு வரப்போற வருஷங்களுக்கு வயசுவாரியா இறப்பு விகிதம் என்னவா இருக்கும்னு சொல்ல முடியுமா, சொன்னா எந்த இடத்துல தப்பாகும், இதுதான் நான் பாக்க நெனச்சது. ஜப்பான எடுத்ததுக்குக் காரணம், போருக்கு அப்புறம் அந்த அளவுக்கு வேகமா இறப்பு குறைஞ்ச நாடு ரொம்பக் கம்மி. 1947-ல ஜப்பான் பெண்களோட சராசரி ஆயுள் 54 வருஷம்தான், 1989-ல கிட்டத்தட்ட 82, 2019-ல 87.45.

மாடல் ரொம்பச் சின்னது. 1992-ல ரொனால்ட் லீயும் லாரன்ஸ் கார்ட்டரும் அமெரிக்க டேட்டாவுக்குப் போட்டது, இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் மொதல்ல ஓட்டிப் பாக்குறது இதத்தான்.

```
log m(x,t) = a(x) + b(x)*k(t)
```

a(x)-ங்கறது ஒவ்வொரு வயசுக்கும் லாக் விகிதத்தோட சராசரி. வரைஞ்சு பாத்தா பொறந்த வருஷம் ஒசரமா இருக்கும், பத்து வயசு வாக்குல அடிமட்டத்துக்கு வரும், முப்பதத் தாண்டினா கிட்டத்தட்ட நேர்கோடா ஏறிக்கிட்டே போகும். k(t) ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரே ஒரு நம்பர், அந்த வருஷம் மொத்தமா எவ்வளவு நல்லாருந்துச்சுங்கற மாதிரி. b(x) வந்து, k இறங்கினா எந்த வயசு எவ்வளவு இறங்கும்ங்கறது. k ஒரு வருஷத்துல 2 இறங்குது, ஒரு வயசுக்கு b 0.02-ன்னு வெச்சுக்கோங்க, அந்த வயசோட லாக் விகிதம் 0.04 இறங்கும், அதாவது சுமார் 4 சதவீதம் குறையும். வருங்காலத்துக்கு a-வும் b-யும் அப்படியே நிக்கும், k-வ மட்டும் முன்னாடி நீட்டினாப் போதும்.

டேட்டா ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ்ல இலவசமா பதிவு பண்ணி எடுத்தது, ஜப்பானுக்கு 1947-லேர்ந்து இருக்கு. `Mx_1x1.txt` ஃபைல்ல வயசு நெடுவரிசைல `110+`னு ஒண்ணு இருக்கறதால மொத்த நெடுவரிசையும் எழுத்தா வந்து நிக்கும், டேட்டா இல்லாத எடத்துல வெறும் புள்ளி இருக்கும், ரெண்டையும் படிக்கும்போதே கவனிச்சுக்கணும். நான் 95 வயசோட நிறுத்திட்டேன், அதுக்கு மேல 1947 வாக்குல ஆளே ரொம்பக் கம்மி, நம்பர் சும்மா குதிக்குது. 1947-லேர்ந்து 1989 வரைக்கும் 43 வருஷத்த மாடலுக்குக் குடுத்துட்டு, 1990-லேர்ந்து 2019 வரைக்கும் 30 வருஷத்த மறைச்சு வெச்சேன், அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க.

```python
a = L.mean(axis=1)   # L: லாக் விகிதம், வரிசை வயசு, நெடுக்க வருஷம்
U, s, Vt = np.linalg.svd(L - a[:,None], full_matrices=False)
c = U[:,0].sum()
b, k = U[:,0]/c, s[0]*Vt[0]*c
drift = (k[-1]-k[0])/(len(k)-1)
```

96 வயசு, 43 வருஷம், மொத்தம் 4128 கட்டம். அத 235 நம்பர்ல அடக்குறோம், அப்படியும் கோடு நெஜத்தோட ஒட்டி வருது, முதல் தடவ பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுது. k கீழ இறங்குற படமும் அழகா இருந்துச்சு. drift-ங்கறது k வருஷத்துக்குச் சராசரியா எவ்வளவு மாறுதுங்கறது, k-வ அதே வேகத்துல நேரா நீட்டி, விகிதங்கள எடுத்து, ஆயுள் அட்டவணை போட்டு, 2019-க்கு சராசரி ஆயுள் கணக்குப் பண்ணினா நெஜக் கோட்டுக்குக் கிட்டயே வந்து நின்னுச்சு. அன்னைக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சுப் படுத்துட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல இன்சூரன்ஸ் கணக்குப் பாக்குற தம்பிகிட்ட படத்தக் காட்டினேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான், "அண்ணா, ஆயுள் ஒத்துப்போகுது சரி, 25 வயசுல என்ன வருது, 85-ல என்ன வருது, தனித்தனியாப் பாத்தீங்களா?"

பாக்கல. அன்னைக்கு ராத்திரி பாத்தேன். 25 வயசுல மாடல் சொன்ன 2019 விகிதம் நெஜத்துல பாதி கூட இல்ல, படம் போட்டா மாடலோட கோடு பள்ளத்துல விழுற மாதிரி இறங்கிக்கிட்டே போகுது, நெஜக் கோடு மேலயே கிட்டத்தட்டப் படுத்துக்கிட்டு மெதுவா இறங்குது. 85-ல தலைகீழ், நெஜத்துல பாட்டிமாருங்க மாடல் சொன்னத விடக் கம்மியாதான் செத்திருக்காங்க. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மி, ஆனா சராசரி ஆயுள்ங்கற ஒரே நம்பரப் பாத்தா இது எதுவும் தெரியல. அதுவும் 1990-லயே 25 வயசுல சாகுறவங்க ரொம்பக் கம்மி, அந்த விகிதத்தப் பாதியாக்கினாலும் கால்வாசியாக்கினாலும் சராசரி ஆயுள் அசையவே அசையாது, அதனால அங்க நடக்குற தப்பு ஆயுள் நம்பர்ல தெரியாது.

ஏன் 25-ல அவ்வளவு விழுதுன்னு b(x)-ஐ வரைஞ்சேன். சின்னப் பிள்ளைங்க வயசுலயும் இருபதுலேர்ந்து முப்பது வரைக்கும் b மேடு கட்டி நிக்குது, எண்பதுக்கு மேல தரையோட கெடக்குது. காரணம் டிபி. 1947-ல ஜப்பான்ல லட்சத்துக்கு 187 பேர் டிபில செத்தாங்க, 1950 வரைக்கும் நாட்டுலயே முதல் காரணம் அதுதான், இளம் வயசுக்காரங்களத்தான் அது அதிகமா அள்ளிக்கிட்டுப் போச்சு. ஸ்ட்ரெப்டோமைசின் வந்துச்சு, 1951-ல டிபி தடுப்புச் சட்டம் வந்துச்சு, 1960-ல லட்சத்துக்கு 34-ஆ கொறஞ்சிடுச்சு. அந்தப் பத்துப் பன்னெண்டு வருஷத்துல இளம் பெண்களோட இறப்பு சரிஞ்ச வேகத்த மாடல் b-ல பதிச்சு வெச்சுக்கிட்டு, 1990-க்கு அப்புறமும் அதே வேகத்துல சரியும்னு சொல்லுது. ஆனா அழிக்கறதுக்கு அங்க டிபியே மிச்சம் இல்ல. 1970-க்கு அப்புறம் ஜப்பான்ல பெரிய லாபம் வந்தது வயசானவங்ககிட்ட, முக்கியமா பக்கவாதம் கொறைஞ்சதால. b ஒரு தடவ நின்னா நின்னதுதான்ங்கறதால மாடலால அத எடுத்துக்க முடியல.

அப்புறம் 1970-லேர்ந்து 1989 வரைக்கும் மட்டும் குடுத்து மறுபடி ஓட்டினேன். b தட்டையாச்சு, எண்பது வயசுப் பக்கம் மேல ஏறிச்சு. 85-ல கோடு நெஜத்துக்கு நல்லா பக்கத்துல வந்துச்சு, 25-ல இன்னும் மாடல் கீழதான் போகுது, ஆனா முன்ன மாதிரி இல்ல. எனக்கு ரெண்டுல இதுதான் பிடிச்சிருக்கு.

ஆனா இதுக்கு ஒரு வெலை இருக்கு. drift ஃபார்முலாவ மேல பாருங்க, கடைசி k-ல முதல் k-வக் கழிச்சு வருஷத்தால வகுக்குறோம், அவ்வளவுதான், நடுவுல இருக்கற வருஷங்களுக்கு அதுல வேலையே இல்ல. அதனால drift-லயே ஒரு தடுமாற்றம் இருக்கு, வருஷம் கம்மியானா அது கூடும். வருஷா வருஷம் k குலுங்குற அளவ σ-ன்னு வெச்சா, h வருஷம் தள்ளி இருக்கற k-வோட பரவல் இது, n-ங்கறது எத்தன வருஷ மாற்றம் நம்ம கையில இருக்குங்கறது:

```
σ * sqrt(h + h²/n)
```

30 வருஷம் தள்ளிப் பாக்கும்போது 42 மாற்றம் இருந்தா 7.2σ, 19 மாற்றம்தான் இருந்தா 8.8σ. drift-ஓட தடுமாற்றத்த மறந்துட்டு வெறும் sqrt(h) போட்டா 5.5σ-தான் வரும். என்னோட முதல் படத்துல நான் போட்டிருந்தது இந்தக் கடைசி ஒண்ணு, கணிப்புக் கோட்டச் சுத்தி வர்ற அந்தப் பட்டை பாக்க ஒல்லியா நல்லாருந்துச்சு, தப்பு. இன்னொண்ணு, இந்தப் பட்டை k-வோடது மட்டும்தான். b மாறினா என்ன ஆகும்ங்கறது எந்தப் பட்டைலயும் கெடையாது, 1947 ஓட்டத்துல 25 வயசு நெஜக் கோடு பட்டைக்கு வெளிய போனதும் அதனாலதான்.

இந்த முதல் புள்ளி, கடைசி புள்ளி விஷயம் இன்னொரு எடத்துல இன்னும் தெளிவா மாட்டுச்சு. 1970-லேர்ந்து 2019 வரைக்கும் முழுசா குடுத்து, மாடலுக்கும் நெஜத்துக்கும் இருக்கற வித்தியாசத்த வயசு ஒரு பக்கம், வருஷம் ஒரு பக்கம்னு கலர் படமாப் போட்டேன். 2011-ல மேலேர்ந்து கீழ ஒரு செவப்புக் கோடு. அஞ்சு வயசுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் அடர்த்தியா இருக்கு, எண்பத்தஞ்சு கிட்ட போகப் போக மங்கிப் போயிடுது. மார்ச் 11, தோஹோக்கு பூகம்பம், சுனாமி. செத்தவங்கள்ல வயசானவங்கதான் அதிகம், ஆனா அந்த வயசுல சாதாரண வருஷத்துலயே ஆயிரக்கணக்குல சாவாங்க, அதுல இது தனியாத் தெரியாது. பத்து வயசுப் பிள்ளைங்க சாதாரணமா சாகவே மாட்டாங்க, அதனால அங்க எரியுது. அந்தக் கட்டங்களப் பாத்துட்டு கொஞ்ச நேரம் வேற எதுவும் பண்ணத் தோணல, அது ஒவ்வொண்ணும் ஒரு வகுப்புப் பிள்ளைங்க.

கணக்குக்கு வந்தா, b-யயும் k-வயும் கண்டுபிடிக்க மேல போட்ட svd, அந்த எஸ்விடிக்கு பத்து வயசு லாக் விகிதமும் எண்பத்தஞ்சு வயசு லாக் விகிதமும் ஒரே எடை. அதனால 2011-க்கான k தேவைக்கு மேல குதிக்குது. நெஜத்துல அந்த வருஷம் பெண்களோட சராசரி ஆயுள் 86.30-லேர்ந்து 85.90-க்குதான் வந்துச்சு, அடுத்த வருஷமே 86.41. லீயும் கார்ட்டரும் இதுக்குத்தான் ரெண்டாவது படி ஒண்ணு வெச்சிருந்தாங்க, a-வயும் b-யயும் அப்படியே விட்டுட்டு, அந்த வருஷத்து மொத்த இறப்பு எண்ணிக்கை சரியா வர்ற மாதிரி k-வ மட்டும் மறுபடி தேடறது. நான் அத தேவையில்லாத அலங்காரம்னு நெனச்சு விட்டிருந்தேன். சேர்த்த பிறகு 2011-ஓட குதிப்பு நல்லாவே அடங்கிச்சு. ஆனாலும் 2011-அக் கடைசி வருஷமா வெச்சு drift எடுத்தா தப்பாத்தான் வரும், 2012-ல நிறுத்தினாப் பிரச்சின இல்ல.

சின்னதா இன்னொண்ணு: 1989 நெஜ விகிதத்துக்கும் மாடலோட 1989-க்கும் சில வயசுல இடைவெளி இருந்ததால, 1990-ல கோடு சட்டுனு படி மாதிரி குதிச்சுது. a(x)-க்குப் பதிலா கடைசி வருஷத்து நெஜ லாக் விகிதத்துலேர்ந்தே ஆரம்பிச்சு, b-யோட k-வோட மாற்றத்தப் பெருக்கிச் சேர்த்தேன், படி போயிடுச்சு. கடைசி வருஷத்துக் குலுங்கல் அப்படியே ஒட்டிக்கிட்டு முன்னாடி வரும்ங்கறது இதுல இருக்கற கஷ்டம், அதனால வயசு வாக்குல லேசா மழுங்கடிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கறேன்.

ஜப்பான் அரசோட மக்கள்தொகை ஆய்வு நிறுவனமே அவங்க கணிப்புக்கு லீ-கார்ட்டர அப்படியே போடாம, வயசானவங்களோட இறப்பு வளைவு வலதுபக்கமா, அதாவது இன்னும் மூத்த வயசுக்கு, நகர்ற மாதிரி மாத்தித்தான் பயன்படுத்துறாங்க. என்னோட 85 வயசுக் கோட்டப் பாத்ததுக்கு அப்புறம் அது ஏன்னு புரியுது. அடுத்து நான் பண்ணப் போறது b-ய மெதுவா சுழல விடறது, ஆயுள் கூடக்கூட இளம் வயசு b-யக் கொறச்சு மூத்த வயசுக்கு ஏத்தறது. அதே 1947 டேட்டாதான் குடுக்கப் போறேன், 25 வயசுல கோடு எவ்வளவு மேல வருதுன்னு பாக்கணும்.